பித்தளைப் பானை அல்ல, பித்தளை யானை

வாட்ஸ்அப் குழுவில் அட்டைப்படத்தைப் போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, முதல் பதில் வந்தது.

“சூப்பர். ஆனா பித்தளைப் பானை என்டா சமையல் புத்தகமா?”

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். புத்தகத்தின் பெயர் ‘பித்தளை யானை’. பிலிமத்தலாவையில் கண்டி–கொழும்பு வீதியோரம் வரிசையாக இருக்கிற பித்தளைக் கடைகளில் ஒன்றிலிருந்து ராத்திரியில் இறங்கி நடந்துபோகும் ஒரு குட்டி யானையின் கதை. 16 பக்கம். எழுதியது எங்களில் ஒருத்தி, படம் வரைந்தது இன்னொருத்தர், அட்டைத் தலைப்பு மூன்று பேருக்கும் பொது. அந்தப் பொதுவில்தான் பிழை விட்டிருக்கிறோம்.

குழுவில் பார்த்தவரைக் குறை சொல்ல முடியாது. அதே கடைகளில் பித்தளைப் பானையும் விற்கிறார்கள். இலக்கணப்படி பானை என்றால் நடுவில் ‘ப்’ வரவேண்டும்தான். ஆனால் போனில் விரலால் தள்ளிக்கொண்டு போகிறவர், ‘ப் இருக்கிறதா’ என்று நின்று பார்க்கமாட்டார். அவர் கண்ணுக்கு ‘யா’ ‘பா’வாகத் தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஏன் அப்படித் தெரிந்தது? எங்கள் லெப்டொப் திரையில் அது பிசகே இல்லாத ‘யா’. கொழுகொழுவென்று, பலூன் மாதிரி, கரைக்கோடெல்லாம் போட்டு, குழந்தைத்தனமாகத்தான் இருந்தது. அந்தக் கொழுகொழுப்புத்தான் கெடுத்தது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் எடுத்தது. அந்த ஒரு வாரத்தில் படித்ததை இங்கே எழுதி வைக்கிறோம்.

பத்தால் வகுத்துப் பார்ப்பது

தம்ப்நெயில் என்றால் பெருவிரல் நகம். பெயர் பொய் சொல்லவில்லை. எங்கள் புத்தகம் 20 சென்ரிமீற்றர் அகலம். போனில் வரிசையாக அட்டைகள் வரும்போது ஒன்றின் அகலத்தை அடிமட்டம் வைத்து அளந்தோம்: கிட்டத்தட்ட 2 சென்ரிமீற்றர். பத்தில் ஒன்று. நாங்கள் வரைந்த கோப்பு 1600 பிக்சல் அகலம். அதையும் பத்தில் ஒன்றாக்கி, 160 பிக்சலில் வைத்துச் சோதிப்பது என்று முடிவெடுத்தோம். நல்ல போன் திரையில் இதைவிடக் கூடுதல் பிக்சல் இருக்கும். ஆனால் 160இல் தேறுவது எங்கேயும் தேறும்.

கணக்கு லேசானது. பெரிய கோப்பில் எதை அளந்தாலும் பத்தால் வகுத்துவிடுங்கள். வருவதுதான் வாசகருக்குக் கிடைப்பது. 10 பிக்சல் இடைவெளி 1 பிக்சலாகிறது, அதாவது ஒரு சாம்பல் கறை. 20 பிக்சல் இடைவெளி 2 பிக்சலாகி, ஏதோ ஒரு வெளிச்சம் என்கிற அளவுக்குத் தப்பிக்கிறது. ஆகவே வாசிப்பதற்குத் தேவையான எந்தக் கோடும், எந்த இடைவெளியும், பெரிய கோப்பில் 20 பிக்சலுக்குக் கீழே போகக்கூடாது. இது எங்களுக்கு நாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.

இப்போது எங்கள் பழைய ‘ய’வை இந்தச் சட்டத்தில் நிறுத்திப் பாருங்கள். ‘ப’வில் நிமிர்ந்து நிற்கிற கோடு இரண்டு, நடுவில் ஒரே அறை. ‘ய’வில் நிமிர்ந்த கோடு மூன்று, அறை இரண்டு. இரண்டு எழுத்துக்கும் வித்தியாசமே அந்த இடது பக்கத்து அறைதான். எங்கள் ‘ய’ 150 பிக்சல் அகலம். கோடு ஒவ்வொன்றும் 26. மூன்று கோட்டுக்கு 78 போக மிச்சம் 72. அதில் இடது அறைக்கு 28, வலது அறைக்கு 44. இதுவரைக்கும் பரவாயில்லை. பிறகுதான் ‘குழந்தைப் புத்தகம் தானே’ என்று சொல்லி, எழுத்தைச் சுற்றி அதே இருண்ட நிறத்தில் 8 பிக்சல் கரை ஒன்று போட்டோம். கரை வெளியே மட்டும் வளராது, அறைக்குள்ளும் இரண்டு பக்கத்திலிருந்தும் வளரும். ஒவ்வொரு அறையிலும் 16 பிக்சல் போய்விட்டது. இடது அறை 12, வலது அறை 28. பத்தால் வகுத்தால் ஒன்று 1.2, மற்றது 2.8. இடது அறை மூடிக்கொண்டது, வலது அறை தப்பியது. ஒற்றை அறை உள்ள எழுத்து எது? ‘ப’. வாட்ஸ்அப்காரர் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்.

அதன்பிறகு நாங்கள் எழுத்தைக் கோடாகப் பார்ப்பதை விட்டுவிட்டு அறையாகப் பார்க்கத் தொடங்கினோம். சின்ன அளவில் கண் பிடிக்கிறது கோட்டை அல்ல, கோட்டுக்கு நடுவே உள்ள ஓட்டையை. தமிழில் ஓட்டை அதிகம். ‘ரெண்டுசுழி ன’, ‘மூணுசுழி ண’ என்று எழுத்தையே சுழி எண்ணித்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். எங்கள் தலைப்பின் கடைசி எழுத்து ‘னை’. முன்னால் வருகிற கொம்பில் இரண்டு சுழி, ‘ன’வில் இரண்டு சுழி, ஆக நாலு சுழி வரிசையாக நிற்கின்றன. கொழுத்த கோட்டில் எழுதி 160 பிக்சலுக்குச் சுருக்கினால், நாலும் சேர்ந்து மழையில் நனைந்த பொட்டலம் மாதிரி ஆகிவிடுகிறது.

ஒரு வரியா, இரண்டு வரியா

முதல் வைத்தியம் எழுத்தின் வடிவத்தில் இல்லை, இடத்தில் இருந்தது. தலைப்பை ஒரே வரியில் போட்டிருந்தோம். இரண்டு பக்கமும் 100 பிக்சல் விட்டால் எழுத்துக்குக் கிடைப்பது 1400. ‘பித்தளை யானை’ ஒரு வரியில், கொம்பு, கால், நடுவில் உள்ள வெளி எல்லாம் சேர்த்து, ஏறக்குறைய பத்து எழுத்து அகலம். ஒன்றுக்கு 140 பிக்சல். தம்ப்நெயிலில் 14.

இரண்டு வரியாக உடைத்தோம். மேலே ‘பித்தளை’, ஐந்து எழுத்து அகலம், ஒன்றுக்கு 280. கீழே ‘யானை’, நாலு எழுத்து அகலம், ஒன்றுக்கு 350. தம்ப்நெயிலில் 35. ஒரு கோடும் புதிதாக வரையாமலே எழுத்து இரண்டரை மடங்கு வளர்ந்துவிட்டது. இப்போது ‘ய’வை 375 அகலத்துக்கு வரைந்து, கோட்டுக்கு 60 கொடுத்து, நடுக்கோட்டைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளி, இடது அறைக்கு 90உம் வலது அறைக்கு 105உம் விட்டோம். சுருக்கினால் 9உம் 10உம். இனி எவரும் பானை என்று சொல்லட்டும் பார்ப்போம்.

இரண்டு வரியில் ஒரு தொல்லை உண்டு. ‘த’வின் வால் வரிக்குக் கீழே இறங்கும். ‘பித்தளை’யில் ‘த’ இரண்டு தடவை வருகிறது. இரண்டு வாலும் கீழ் வரியின் தலையில் இடிக்கும். வரிகளைத் தள்ளி வைத்தால் தலைப்பு இரண்டாகப் பிரிந்து கிடக்கும். நாங்கள் கீழ் வரியைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு வாலும் ‘யானை’யின் எழுத்து இடைவெளிகளுக்கு நேரே இறங்கும்படி வைத்தோம். ‘யானை’யில் மேலே புள்ளியோ விலங்கோ இல்லாததால் இது சாத்தியமானது. ‘பித்தளைக் கிளி’ என்று பெயர் வைத்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்போம்.

துள்ளவிடுவது

இடம் சரி. ஆனால் நேர்வரியில் நிற்கிற தலைப்பு மருந்துக்கடைப் பலகை மாதிரி இருந்தது. குழந்தைப் புத்தகம் என்றால் எழுத்து கொஞ்சம் ஆடவேண்டும். ஆங்கில அட்டைகளில் பார்த்த அதே வேலையைச் செய்தோம்: இன்க்ஸ்கேப்பில் எழுத்தை வடிவமாக மாற்றி, ஒவ்வொரு துண்டையும் ஒன்றை மேலே, ஒன்றைக் கீழே, ஒன்றைச் சாய்த்து வைத்தோம்.

பக்கத்து வீட்டுத் தரம் 2 பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். “பி... த்... த...” வரை வந்தவள் நின்றுவிட்டாள். “அக்கா, இந்தச் சுருட்டை தனியா ஏன் நிக்குது?”

அவள் காட்டியது ‘ளை’யின் கொம்பை. அதை மேலே தூக்கி, ‘ள’வைக் கீழே இறக்கியிருந்தோம். கணினிக்கு அவை இரண்டு வடிவம். அவளுக்கு அது ஒரே எழுத்து, ஒரே சத்தம். ஆங்கிலத்தில் துள்ளுகிற ஒவ்வொரு துண்டும் ஒரு எழுத்து. தமிழில் துண்டு வேறு, எழுத்து வேறு. எங்கள் ‘யா’வின் கால்கூட ‘ய’வை விட்டு விலகி, சாய்ந்து, ‘ர’ ஆகப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே துண்டு எண்ணுவதை விட்டு, வாயால் சொல்லி எண்ணினோம்: பி, த், த, ளை, யா, னை. ஆறு. புள்ளி, விலங்கு, கொம்பு, கால் எல்லாவற்றையும் அதனதன் எழுத்தோடு கட்டி, குழுவாக்கி, அந்த ஆறையும்தான் துள்ளவிட்டோம். எழுத்தின் உயரம் சுமார் 300 பிக்சல் என்றால் ஏற்ற இறக்கம் 30க்குள். சாய்வு 4 பாகைக்குள். அதற்கு மேலே போனால் பெரிய அளவில் ஆட்டமாகத் தெரிவது, சின்ன அளவில் வரியே உடைந்ததாகத் தெரிகிறது.

புள்ளிக்கும் ஒரு வார்த்தை. ‘த்’தின் புள்ளியைப் பூவாக, நட்சத்திரமாகப் போட எல்லோருக்கும் ஆசை வரும். போடலாம். சின்னதாகும்போது நட்சத்திரம் உருண்டையாகிவிடும், உருண்டையானாலும் அது புள்ளிதான், நட்டமில்லை. நட்டம் வருவது வேறு இடத்தில்: புள்ளிக்கும் ‘த’வின் தலைக்கும் நடுவே உள்ள வெளி. அது 20க்குக் கீழே போனால் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், ‘பிததளை’ என்றாகும். நாங்கள் 40 விட்டோம்.

எழுத்துருவை எடுப்பதா, கையால் எழுதுவதா

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும்: இவ்வளவு பாடுபடுவதற்கு நல்லதொரு எழுத்துருவை எடுத்துப் போட்டால் என்ன? போடலாம். நாங்களும் அங்கேதான் தொடங்கினோம்.

‘பலூ தம்பி’ என்று ஒன்று இருக்கிறது. இந்தியாவின் ஏக் டைப் குழுவின் ‘பலூ’ எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்கானது அது. தமிழ் எழுத்துகளை வடிவமைத்தவர் ஆதர்ஷ் ராஜன். ஒவ்வொரு மொழிக்கும் அந்தந்த ஊர்க் கூப்பிடு பெயர் வைத்திருக்கிறார்கள்: குஜராத்திக்கு பாய், தெலுங்குக்கு தம்முடு, மலையாளத்துக்கு சேட்டன், தமிழுக்குத் தம்பி. கூகுள் ஃபொன்ட்ஸில் இலவசம், உரிமம் திறந்த உரிமம், ஆகவே புத்தக அட்டைக்குத் தாராளமாகப் பாவிக்கலாம். கொழுத்த, மழுங்கின முனை உள்ள எழுத்து.

அதைப் பெரிதாக்கி வைத்துப் பார்த்தால் நல்ல பாடம். கொழுத்த எழுத்தை வரைகிறவர் எல்லாக் கோட்டையும் ஒரே தடிப்பில் வைப்பதில்லை. சுழி நெருக்கமாக வருகிற இடத்தில் கோடு மெலிய வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை அடைபடும். வெளிப்பக்கக் கோடு கொழுப்பாக இருந்தாலே கண் முழு எழுத்தையும் கொழுப்பு என்று நம்பிவிடும். நாங்கள் செய்தது இதற்குத் தலைகீழ்: மெல்லிய எழுத்துக்குச் சுற்றிவரக் கரை போட்டு, நெருக்கமான இடத்தையும் காலி இடத்தையும் ஒரே அளவில் கொழுக்க வைத்தோம்.

இன்னொரு பக்கம் ‘கவிவனார்’. இலங்கை எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்தது. கையெழுத்துச் சாயலில் சாய்ந்து ஓடுகிற எழுத்து. உள்ளே கதை தொடங்கும் பக்கத்தில் அதைப் பெரிதாகப் போட்டுப் பார்த்தோம், யானை நடப்பதுபோல ஒரு அசைவு இருந்தது. அட்டைக்கு எங்களுக்குக் கனம் தேவைப்பட்டதால் அதை உள்பக்கத்துக்கே வைத்துக்கொண்டோம்.

முழுக்க எழுத்துருவை நம்புவதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை பல மொழிகளில் இருக்கும். படம் அப்படியே நிற்க, தலைப்பு மொழிக்கு மொழி மாறும். அங்கே கையால் எழுதினால் ஒவ்வொரு மொழிக்கும் ஒருவர் உட்கார்ந்து திரும்ப எழுதவேண்டும். எங்கள் புத்தகம் ஒரே மொழியில், ஒரே தலைப்பில். ஆறே ஆறு எழுத்து. ஆகவே எழுத்துருவில் படித்துவிட்டு, கையால் வரைவது என்று முடிவெடுத்தோம்.

தும்பிக்கை ஆசை

கையால் வரைவது என்றதும் எங்களுக்கு ஒரு பெரிய யோசனை வந்தது. இப்போதும் அதை நினைத்தால் மனசு கொஞ்சம் வலிக்கும்.

பழைய புத்தகங்களில் ‘ணை, லை, ளை, னை’ நாலும் வேறு மாதிரி இருக்கும். முன்னால் கொம்பு வராது. எழுத்தின் மேலே ஒரு வளைவு எழும்பி நிற்கும். பார்த்தால் அப்படியே தும்பிக்கை. பெரியார் ‘குடி அரசு’ பத்திரிகையில் 1935இல் சீர்திருத்தின எழுத்தைப் பாவிக்கத் தொடங்கினார். 1978இல் தமிழ்நாடு அரசு 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியபோது இந்த நாலும் அதில் அடங்கின. இன்று எங்கள் பாடப்புத்தகங்களிலும் புதிய வடிவம்தான்.

இப்போது தலைப்பைப் பாருங்கள். பித்தளை, யானை. இரண்டு சொல்லும் அந்த நாலில் ஒன்றில் முடிகின்றன! யானையைப் பற்றிய கதைக்கு, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு தும்பிக்கை. அதோடு நெருக்கமான கொம்புச் சுழி இரண்டும் போய்விடும், சின்ன அளவிலும் சுத்தமாக இருக்கும். சோதித்தோம், இருந்தது. 160 பிக்சலிலும் தும்பிக்கை தும்பிக்கையாகவே தெரிந்தது. தட்டச்சில் வராது, ஏனென்றால் யூனிகோடில் பழைய ‘னை’க்கும் புதிய ‘னை’க்கும் ஒரே குறியீடு, எந்த வடிவம் வரும் என்பது எழுத்துருவின் கையில். ஆனால் நாங்கள்தான் கையால் வரைகிறோமே.

போடிங் வீட்டு ஆச்சியிடம் காட்டினோம். கண்ணாடியைக்கூடப் போடவில்லை. “பித்தளை யானை. நாங்க படிச்ச எழுத்து.” எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காட்டினோம். “யா... ன...” நிறுத்தினாள். மேலே இருந்த வளைவை விரலால் தடவினாள். “இது எழுத்தா அக்கா, படமா?”

அவளைவிடப் பெரிய பிள்ளைகள் இரண்டு பேரிடமும் கேட்டோம். ஒருவன் ‘யானை’ என்றான். சரி என்று நினைக்குமுன் “எப்படித் தெரியும்?” என்று கேட்டதில், “யானைப் படம் இருக்கே” என்றான். படத்தைக் கையால் மறைத்ததும் ‘பித்தள’ என்று வாசித்தான். சின்ன அளவில் துலக்கமாகத் தெரிவதும் வாசிக்க முடிவதும் ஒன்றல்ல. அந்த வளைவு தெளிவாகத்தான் தெரிந்தது, ஆனால் எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியாத எழுத்தாகத் தெரிந்தது. புத்தகம் ஆச்சிக்கானது என்றால் வைத்திருப்போம். எடுத்துவிட்டோம்.

கால்

தும்பிக்கை போனபிறகு ஒரு நாள் முழுக்க ஒருவரும் பென்சிலைத் தொடவில்லை. பிறகு பழைய பாலபாடத்தை நினைத்துக்கொண்டு எழுத்தின் உறுப்புகளைச் சொல்லிப் பார்த்தோம். மேலே விலங்கு. முன்னால் கொம்பு. பின்னால் கால்.

கால்! ‘யா’வுக்குப் பின்னால் நிற்கிறதன் பெயரே கால். யானையின் கால் தமிழ் எழுத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருக்கிறது, நாங்கள் தும்பிக்கையைத் தேடி அலைந்திருக்கிறோம்.

துணைக்காலைத் தடிப்பாக்கி, கீழே பாதம் மாதிரி அகட்டி, நகம் மூன்று வரைந்தோம். இங்கேயும் ஒரு சறுக்கல். முதல் பாதம் இடது பக்கம் கொஞ்சம் நீண்டு, வரிக்குக் கீழே சாய்ந்து இறங்கிவிட்டது. காலுக்குக் கீழே இடது பக்கமாக ஒரு சாய்வு வந்தால் அது ‘ர’. 160 பிக்சலில் ‘யரனை’ என்று இருந்தது. பாதம் இரண்டு பக்கமும் ஒரே அளவு அகல வேண்டும், வரியைத் தாண்டி ஒரு பிக்சலும் இறங்கக்கூடாது. அப்படித் திருத்தியதும் கால் காலாக நின்றது.

நகங்கள் ஒவ்வொன்றும் 14 பிக்சல். எங்கள் 20 பிக்சல் சட்டத்துக்குக் கீழே. தம்ப்நெயிலில் அவை காணாமல் போகும். போகட்டும், நகம் இல்லாவிட்டாலும் அது ‘யா’தான். தும்பிக்கைக்கும் காலுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தும்பிக்கையில் விளையாட்டும் எழுத்தின் அடையாளமும் ஒரே கோட்டில் இருந்தன, விளையாட்டுப் புரியாதவருக்கு எழுத்தும் புரியாது. காலில் விளையாட்டு எழுத்தின் மேலே சும்மா உட்கார்ந்திருக்கிறது. சுருக்கினால் விளையாட்டு உதிரும், எழுத்து நிற்கும். புத்தகத்தைக் கையில் எடுத்தவருக்கு இரண்டும் கிடைக்கும்.

நிறமும் தூரமும்

நிறத்தில் அதிகம் சொல்ல இல்லை, ஒரு பொறியைத் தவிர. பித்தளை என்றால் மஞ்சள் என்று #D4A017 எடுத்தோம். பின்னணி வெள்ளை. பெரிய திரையில் மினுங்கியது. போனைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்த்தால் எழுத்து பாதி கரைந்திருந்தது. இரண்டு நிறத்துக்கும் ஒளி விகிதம் 2.4தான். இணையத்தில் சாதாரண எழுத்துக்கு எதிர்பார்க்கிற அளவு 4.5. அதே மஞ்சளை #12372A என்கிற கரும்பச்சையில் வைத்ததும் 5.5 வந்தது. கதை ராத்திரியில் நடப்பதால் பின்னணியை இருட்டாக்குவதில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. கரைக்கோடு தேவையே படவில்லை. கரை போட்டதே நிறம் போதாமல்தான் என்று அப்போதுதான் விளங்கியது.

கடைசிச் சோதனைக்குக் கணினி தேவையில்லை. 2 சென்ரிமீற்றர் அட்டையை 35 சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்த போனில் பார்ப்பதும், 20 சென்ரிமீற்றர் அட்டையை மூன்றரை மீற்றர் தள்ளிச் சுவரில் பார்ப்பதும் கண்ணுக்கு ஒரே அளவுதான். அட்டையைக் கடதாசியில் எடுத்து, போடிங் அறையின் ஒரு சுவரில் ஒட்டி, மற்றச் சுவரோடு சாய்ந்து நின்றோம். கதை தெரியாத ஒருவரைக் கதவால் கூப்பிட்டு, யானைப் படத்தை ஒரு கொப்பியால் மறைத்து, “ரெண்டு செக்கனில வாசி” என்றோம். ‘வாசிக்க முடிகிறதா’ என்று கேட்டால் எல்லோரும் ஓம் என்றுதான் சொல்வார்கள், நட்புக்காக. சத்தமாக வாசிக்கச் சொன்னால்தான் உண்மை வரும்.

ஐந்து பேர் வந்தார்கள். ஐந்து பேரும் ‘பித்தளை யானை’ என்றார்கள்.

ஆறாவதாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளை. தூரத்திலிருந்தே வாசித்தாள். பிறகு கிட்ட வந்து, மூக்கு கடதாசியில் முட்டுகிற மாதிரி நின்று, காலைப் பார்த்தாள்.

“அக்கா, யானைக்கு முன்காலில அஞ்சு நகம். நீங்க மூணுதான் போட்டிருக்கீங்க.”

பெரஹராவில் எண்ணியிருக்கிறாளாம். தேடிப் பார்த்தோம், எங்கள் ஊர் யானைகளுக்குப் பொதுவாக முன்காலில் ஐந்து, பின்காலில் நாலு. அன்று இரவே மூன்றை அழித்துவிட்டு ஐந்து வரைந்தோம். 160 பிக்சலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.